விரலுக்குத் தட்டாத முத்திரை

தாத்தா நிற்கிறார். பாட்டி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பாட்டியின் மடியில் ஒரு கைக்குழந்தை, பக்கத்தில் அரைக்கால் சட்டை போட்ட பையன். பின்னால் திரைச்சீலையில் மாடிப்படியும் தூணும் வரைந்திருக்கிறது. சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர்த் தோட்டத்து லயத்தில் வாழ்ந்த குடும்பம், ஈப்போவுக்கு வந்து ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்ட படம். புந்தோங்கில் எங்கள் அத்தை வீட்டுக் கூடத்தில் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அது மாட்டியிருக்கிறது.

"முப்பத்தெட்டுல எடுத்தது. அந்த வருசம்தான் ஊருல இருந்து ஆளுங்க வர்றத நிறுத்தினாங்க. பாட்டி அப்படித்தான் சொல்லும்" என்பார் அத்தை. தொண்ணூறைத் தொடும் வயது அவருக்கு. மடியில் இருக்கும் குழந்தை அவர்தான் என்பது குடும்பத்தில் எல்லோரும் சொல்வது.

சட்டம் உளுத்துப்போய், மாற்றுவதற்காகப் படத்தை வெளியே எடுத்தபோது அதைக் கையில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. கண்ணாடி இல்லாமல், நேரடியாக. கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் கண்ணில் வைக்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று, சாதாரண டார்ச் ஒன்று, ரிங்கிட் நோட்டைச் சோதிக்கும் புற ஊதா டார்ச் ஒன்று. வேறு கருவி எதுவும் தேவைப்படவில்லை.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். உடையைப் பார்த்தேன். பாட்டியின் ரவிக்கைக்குத் தோளில் உப்பிய கை. தாத்தா கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளை கோட்டு அணிந்திருக்கிறார், அந்தக் காலத்துக் கிராணிமார்கள் போடுகிற வகை. தாத்தா கிராணி இல்லை. பால் மரம் வெட்டியவர். காலில் உள்ள சப்பாத்து ஒரு விரற்கடை பெரிதாக இருப்பது லென்ஸில் நன்றாகத் தெரிகிறது. குதிகாலுக்குப் பின்னால் இடைவெளி இருக்கிறது. ஸ்டூடியோக்களில் கோட்டு, சப்பாத்து, கைக்கடிகாரம் எல்லாம் இரவல் கொடுப்பார்கள். ஒரே கோட்டு பத்து வருடம் நூறு ஆண்களின் தோளில் ஏறியிருக்கும். ஆகவே அந்தக் கோட்டு தாத்தாவைப் பற்றியும் சொல்லாது, வருடத்தைப் பற்றியும் அதிகம் சொல்லாது.

பாட்டியின் ரவிக்கை அப்படியல்ல. அது அவர் உடலுக்குத் தைத்தது. உப்பிய கை 1930களிலும் 40களிலும் சினிமா வழியாகவும் படம் போட்ட பத்திரிகைகள் வழியாகவும் பரவிய பாணி. ஆனால் அதே கை பல பத்தாண்டுகள் கழித்து மறுபடியும் வந்தது என்பதை நினைவில் வைக்க வேண்டும். தோட்டத்துக்குப் புதுப்பாணி வர டவுனைவிட நாளாகும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நல்ல சேலை ஒன்று பதினைந்து வருடம் பெட்டியில் இருக்கும். ஒரு உடை வழக்கத்துக்கு வந்த ஆண்டுதான் உறுதியான எல்லை; வழக்கொழிந்த ஆண்டு எல்லையே அல்ல. அதனால் குடும்பப் படத்தில் வயதானவர்களின் உடையை நான் அவ்வளவாக நம்புவதில்லை. அவர்கள் தங்கள் இளமைக்கால உடையிலேயே நின்றுவிடுவார்கள். கல்யாண வயதில் இருக்கும் பெண்ணும் அவள் தம்பியும்தான் காலத்தைக் காட்டுவார்கள். அவள் கட்டியிருப்பது நைலான் சேலை என்றால் படம் போருக்குப் பிந்தியது. நைலான் சந்தைக்கு வந்ததே 1930களின் கடைசியில். சேலையாகி நம்மிடம் வந்தது போர் முடிந்த பிறகு. தம்பி பெல்பாட்டம் போட்டிருந்தால் 1970களைத் தேட வேண்டும்.

பொருள்களுக்கும் இதே கணக்குத்தான். படத்தில் இருக்கும் மிகப் பழைய பொருளைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. மிகப் புதிய பொருளைத் தேட வேண்டும். லயத்து வாசலில் எடுத்த படத்தில் சைக்கிள் இருந்தால் அது எதையும் சொல்லாது, ஏனென்றால் ஒரு ராலே சைக்கிள் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும். மங்கும் வாளியும் அப்படித்தான். அதே படத்தில் சன்னல் ஓரம் ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ இருந்தால் கதை மாறிவிடுகிறது. டிரான்சிஸ்டர் ரேடியோ கடைக்கு வந்தது 1954இன் கடைசியில், அதுவும் அமெரிக்காவில். படம் அதற்கு முன்பு எடுத்ததாக இருக்கவே முடியாது. மூலையில் கிடக்கும் அந்த ஒரு சிறு பெட்டி, முன்னால் நிற்கும் பத்துப் பேரின் உடையைவிட உறுதியான சாட்சி.

எங்கள் படத்தில் அப்படி ஒரு பொருளும் இல்லை. ஸ்டூடியோ நாற்காலி, வரைந்த தூண், அவ்வளவுதான். கீழ் வலது மூலையில் ஒரு புடைப்பு முத்திரை மட்டும் இருக்கிறது. மை இல்லாமல், தாளை அழுத்தி எழுத்தை மேலெழுப்பும் முத்திரை. ஸ்டூடியோ பெயர் பாதி தேய்ந்திருக்கிறது. அடுத்த வரி லென்ஸில் தெளிவாகக் கிடைத்தது: பெல்ஃபீல்டு ஸ்ட்ரீட், ஈப்போ, எஃப்.எம்.எஸ்.

இந்த மூன்று எழுத்துகள் பெரிய உதவி. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் நான்கும் சேர்ந்த கூட்டு மலாய் மாநிலங்கள் என்பதன் சுருக்கம் அது. 1941 டிசம்பர் கடைசியில் ஜப்பானியர்கள் ஈப்போவுக்குள் நுழைந்தார்கள். போர் முடிந்து 1946 ஏப்ரலில் மலாயன் யூனியன் வந்தபோது எஃப்.எம்.எஸ். சட்டப்படியும் இல்லாமல் போனது. பெல்ஃபீல்டு ஸ்ட்ரீட் பிறகு ஜாலான் சுல்தான் யூசோப் ஆனது. பழைய அச்சு அழுத்தியை ஸ்டூடியோக்காரர் சில காலம் தொடர்ந்து பயன்படுத்தியிருக்கலாம் என்பதை ஒதுக்கிவிட முடியாது. என்றாலும், போருக்கு முந்திய படம் என்பதற்கு இது நல்ல ஆதாரம். உங்கள் வீட்டுப் படங்களின் பின்பக்கத்து முகவரியையும் இப்படியே வாசிக்கலாம். தெலுக் இந்தான் என்று இருந்தால் 1982க்குப் பிறகு, அதற்கு முன்பு அது தெலோக் ஆன்சன். முகவரியில் ஐந்து இலக்க அஞ்சல் எண் இருந்தால் 1976க்கு முன்பு போகாது.

சரி, முத்திரையைக் கண்ணால் பார்த்தாயிற்று. வழக்கம்போல் விரலாலும் தடவிப் பார்த்தேன். ஒன்றும் தட்டவில்லை.

மறுபடி தடவினேன். கண்ணுக்கு எழுத்து புடைத்துத் தெரிகிறது, ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல். விரலுக்கோ தாள் வழவழவென்று தட்டையாக இருக்கிறது. டார்ச்சைத் தாளின் ஓரத்தில் படுக்கைவாக்கில் பிடித்தேன். உண்மையான புடைப்பு என்றால், வெளிச்சத்தை இடமிருந்து வலமாக நகர்த்தும்போது எழுத்தின் நிழல் எதிர்ப்பக்கம் சாயும். இங்கே நிழல் அசையவே இல்லை. அது எழுத்தின் நிழல் அல்ல, நிழலின் படம்.

அதாவது என் கையில் இருப்பது ஸ்டூடியோவில் அன்று கொடுத்த படமே அல்ல. அந்தப் படத்தை வைத்து, பிறகு எப்போதோ, வேறொருவர் கேமராவில் எடுத்த நகல்.

இது தெரிந்த பிறகு மற்ற அடையாளங்கள் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டன. தாத்தாவின் கோட்டுக்குக் குறுக்கே வெள்ளைக் கோடாக ஒரு மடிப்பு வெடிப்பு ஓடுகிறது. சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் அந்த இடத்தில் தாள் வெடிக்கவில்லை. வெடித்தது மூலப் படம். இடது ஓரத்தில் வெள்ளைக் கரைக்குள் முடி அளவுக்கு ஒரு கறுப்புக் கோடு, அது மூலப் படத்தின் விளிம்பு போட்ட நிழல். பாட்டியின் சேலை மடிப்புகள் சாம்பல் நிறத்தில் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. படத்தைப் படம் எடுக்கும்போது நுண்மை இப்படித்தான் போகும். கண்களை மட்டும் யாரோ மெல்லிய தூரிகையால் கூர்மையாக்கியிருக்கிறார்கள்.

அப்படியானால் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. அந்த நால்வரும் கேமராவுக்கு முன்னால் இருந்தது எப்போது? இந்தத் தாள் அச்சானது எப்போது? பழைய படங்களுக்கு வருடம் சொல்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான். உடையைப் பார்த்துக் காட்சிக்கு ஒரு வருடம் சொல்லி, அதையே தாளுக்கும் போட்டுவிடுவார்கள். அல்லது தாள் புதிது என்று கண்டு, காட்சியையும் புதிதாக்கிவிடுவார்கள்.

தாளின் வயதுக்கு வருகிறேன். ஓரங்கள் நெளிநெளியாக வெட்டியிருக்கின்றன. 1930களில் தொடங்கி 60கள் வரை ஓடிய வெட்டு அது. தனியாக வைத்தால் முப்பது வருட இடைவெளிதான் கிடைக்கும். பின்பக்கம் சாய்வாக மங்கலாக லியோனார் என்ற ஜெர்மானியத் தாளின் பெயர். அதுவும் ஒரு வருடத்தைச் சொல்லிவிடாது. தாளின் மூலை கொஞ்சம் பிய்ந்திருக்கிறது. லென்ஸில் பார்த்தால் நார் நாராக வெறும் தாள், மேலே வெள்ளைப் பூச்சு, அதற்கு மேல் ஜெலட்டின். பிளாஸ்டிக் படலம் இல்லை. இருபுறமும் பிளாஸ்டிக் பூசிய தாள் வண்ணப்படங்களுக்கு 1968இலும், கறுப்பு வெள்ளைக்கு 70களின் தொடக்கத்திலும் வந்தது. வந்த சில வருடங்களில் சாதாரண ஸ்டூடியோக்களில் அதுதான் பரவியது. ஆகவே மேல் எல்லை ஏறக்குறைய 70களின் நடுப்பகுதி.

கீழ் எல்லைக்குத்தான் புற ஊதா டார்ச். அறையை இருட்டாக்கி, ஒப்பிடுவதற்குப் பக்கத்தில் ஒரு புதிய ஏ4 தாளையும் பழைய தமிழ்ப் புத்தகத்தின் ஒரு பக்கத்தையும் வைத்தேன். ஏ4 தாள் நீல வெள்ளையாகப் பளீரென்று ஒளிர்ந்தது, புத்தகப் பக்கம் மங்கிக் கிடந்தது. படத்தின் வெள்ளைக் கரையும் பின்பக்கமும் ஏ4 அளவுக்கு இல்லாவிட்டாலும் தெளிவாக நீலமாக ஒளிர்ந்தன.

இதற்குக் காரணம் வெண்மையூட்டி என்னும் வேதிப்பொருள். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை உறிஞ்சி, நீல ஒளியாக அது திருப்பிக் கொடுக்கும். தாளின் மஞ்சள் சாயலை அந்த நீலம் மறைத்துவிடுவதால் வெள்ளை இன்னும் வெள்ளையாகத் தெரிகிறது. சலவைத்தூளில் இருப்பதும் இதே வகைதான். புகைப்படத் தாள்களில் இது 1950களின் தொடக்கத்தில் நுழைந்து, அந்தப் பத்தாண்டின் நடுவில் பரவலானது. அமெரிக்காவில் குழந்தைத் தொழிலாளர்களைப் படமெடுத்த லூயிஸ் ஹைன் 1940இல் இறந்தவர். அவர் தம் கையால் அச்சிட்டவை என்று விற்கப்பட்ட பல படங்கள் 1990களின் கடைசியில் சந்தேகத்துக்கு உள்ளானபோது, பாஸ்டனைச் சேர்ந்த பால் மெஸ்ஸியர் என்ற பாதுகாப்பு நிபுணர் சோதித்தார். அவற்றில் வெண்மையூட்டி இருந்தது. இறந்தவர் அச்சிட முடியாத தாள் அது. எங்கள் தாத்தா படத்துக்கும் அதே சோதனைதான், டார்ச்சின் விலை மட்டும் குறைவு.

இந்தச் சோதனைக்கு ஒருவழி நியாயம்தான் உண்டு. ஒளிர்ந்தால் 1950களுக்கு முந்தியது அல்ல என்று சொல்லலாம். ஒளிராவிட்டால் முந்தியது என்று சொல்ல முடியாது; பிறகும் பல தாள்கள் வெண்மையூட்டி இல்லாமலே வந்தன. ஒளிர்வதிலும் ஏமாற இடமுண்டு. சலவைத்தூளில் துவைத்த துணியால் துடைத்தாலோ, புது அட்டையோடு ஈரத்தில் ஒட்டிக் கிடந்தாலோ அங்கிருந்து வெண்மையூட்டி தொற்றிக்கொள்ளும். அப்போது ஒளிர்வு திட்டுத்திட்டாக இருக்கும். எங்கள் படத்தில் அது முன்னும் பின்னும் ஒரே சீராக, பிய்ந்த மூலையின் நாருக்குள்ளும் இருந்தது. மலிவான டார்ச்சுகள் ஊதா வெளிச்சத்தையும் சேர்த்துக் கொட்டும், அதில் எல்லாமே நீலமாகத் தெரியும். 365 நானோமீட்டர் என்று குறித்திருப்பதை வாங்குவது நல்லது.

பலரும் வயதுக்கு அடையாளமாகக் காட்டும் மஞ்சள் நிறத்தையும் வெள்ளிப் பளபளப்பையும் நான் கணக்கில் எடுக்கவில்லை. படத்தைச் சாய்த்தால் கறுப்புப் பகுதிகளின் ஓரத்தில் நீலம் கலந்த உலோக மினுமினுப்பு தெரியும். படத்தை உருவாக்கிய வெள்ளித்துகள்கள் காற்றின் ஈரத்தாலும் மாசாலும் கரைந்து, மேற்பரப்புக்கு நகர்ந்து மறுபடி படிவதால் வருவது அது. வறண்ட ஊரில் அதற்குப் பல பத்தாண்டுகள் ஆகலாம். ஈப்போவின் மழையிலும் துத்தநாகக் கூரையின் வெக்கையிலும் அடுப்புப் புகையிலும் அது வெகு சீக்கிரம் வந்துவிடும். மஞ்சளும் அப்படித்தான். கூட்டம் அதிகமான நாளில் ஸ்டூடியோக்காரர் ஹைப்போ போகும்வரை அலசாமல் விட்டிருந்தால், மீந்த கந்தகச் சேர்மம் வெள்ளியைத் தின்று படத்தைப் பழுப்பாக்கும். ஒரே நாளில் அச்சிட்ட இரண்டு பிரதிகளில் ஒன்று வெள்ளையாகவும் மற்றது பழுப்பாகவும் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆக, தாள் 1950களின் நடுவிலிருந்து 70களின் நடுவுக்குள். யார் நகல் எடுத்திருப்பார்கள் என்று அத்தையிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "ஒங்கப்பாதான். சம்பளம் வாங்க ஆரம்பிச்ச புதுசுல. அவனுக்கு அப்பா மொகம் தெரியாதில்ல" என்றார். அப்பா பிறந்தது 1940. தாத்தாவை ஜப்பானியர்கள் சயாம் மரண ரயில் வேலைக்குக் கொண்டுபோனது 1943. திரும்பி வரவில்லை. கண்களைத் தூரிகையால் கூர்மையாக்கச் சொன்னது யார் என்று எனக்கு அப்போது புரிந்தது.

பாட்டிக்கு 1948இல் எடுத்த தனிப்படம் ஒன்றும் உண்டு. அவசரகாலம் அறிவித்த அந்த வருடம்தான் 12 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் படமும் கைரேகையும் வைத்து அடையாள அட்டை கொடுக்கத் தொடங்கினார்கள். லயத்தை விட்டு டவுனுக்கே போகாத பெண்களும் அன்று கேமராவுக்கு முன்னால் நிற்க வேண்டிவந்தது. உங்கள் வீட்டில் சிரிக்காத முகத்தோடு, நேராகப் பார்க்கும் சின்னஞ்சிறு படம் ஒன்று இருந்தால், முதலில் இந்த வருடத்தை யோசித்துப் பாருங்கள். தாத்தாவுக்கு அப்படி ஒரு படம் எடுக்க வாய்ப்பே இல்லை. இருந்தது இந்த ஒன்றுதான்.

இனிக் காட்சியின் வருடம். முத்திரை போருக்கு முன் என்கிறது, ரவிக்கையும் அதோடு ஒத்துப்போகிறது. இதற்குமேல் நெருக்குவதற்குக் குழந்தைகளைவிட நல்ல கடிகாரம் இல்லை. பெரியவர் முகத்தை வைத்து வயது சொன்னால் பத்து வருடம் பிசகும். குழந்தையிடம் மாதக்கணக்குக்கு வந்துவிடலாம். பாட்டியின் கை குழந்தையின் இடுப்பில் லேசாகப் பட்டிருக்கிறதே தவிர, முதுகைத் தாங்கவில்லை. குழந்தை தானாக நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேல். கால்கள் இன்னும் நடக்காத குழந்தையின் உருண்ட கால்கள்; ஒரு வயதுக்குள். அத்தையின் பிறப்புப் பத்திரத்தில் 1936 ஏப்ரல் என்று இருக்கிறது. அப்படியானால் படம் 1936 அக்டோபருக்கும் 1937 ஏப்ரலுக்கும் இடையில்.

பையன் என் பெரியப்பா, பிறந்தது 1930 ஜனவரி. அவர் வாய் சற்றே திறந்திருக்கிறது. லென்ஸில் மேல்வரிசை முன்பற்கள் இருக்க வேண்டிய இடம் கறுப்பாகத் தெரிகிறது. அந்தப் பற்கள் விழுவது பெரும்பாலும் ஆறிலிருந்து எட்டு வயதுக்குள். 1936 கடைசியில் அவருக்கு ஏழு நெருங்கியிருக்கும். இரண்டு கணக்கும் பொருந்துகின்றன.

ஆனால் இதில் ஒரு ஓட்டை இருந்தது. தோட்டத்துக் குடும்பங்களில் பிறந்து, சில மாதங்களில் இறந்து, பிறகு பேச்சிலும் வராமல் போன குழந்தைகள் உண்டு. அதனால் இதை அத்தையிடம் மெதுவாகத்தான் கேட்டேன். இருந்தது. 1938இல் ஒரு ஆண்பிள்ளை, ஒரு வயது முடியுமுன் காய்ச்சலில் போய்விட்டது. பாட்டி சொன்ன 1938 அந்தக் குழந்தையைப் பற்றியதாக இருக்கலாமே? மடியில் இருப்பது அவனாகவும் இருக்கலாமே? பையனின் பல்லை வைத்து இதைத் தீர்க்க முடியாது. 1938இல் அவருக்கு எட்டு வயதுதான். தீர்ப்பது படத்தில் இல்லாத ஒருவர். குழந்தை அவன் என்றால், இரண்டு வயது தாண்டிய அத்தையும் படத்தில் இருந்திருக்க வேண்டும். ஈப்போ வரை வண்டிச்சத்தம் கொடுத்து வந்து குடும்பப் படம் எடுப்பவர்கள் இரண்டு வயதுப் பெண்ணை விட்டுவிட்டு வரமாட்டார்கள். உறுதியான சான்று இல்லைதான். நோய் வந்து லயத்தில் யாரிடமாவது விட்டு வந்திருக்கலாம். ஆனாலும் தராசு 1936-37 பக்கமே சாய்கிறது. இந்தியா தொழிலாளர்களை அனுப்புவதை 1938 ஜூனில் நிறுத்தியது. பாட்டி நினைவில் நின்ற வருடம் அது, தம் பிள்ளை போன வருடமும் அது. படம் அந்த வருடத்தோடு ஒட்டிக்கொண்டது இயல்புதான்.

மூலப் படம் எங்கே போனது என்பது மிச்சம். லயத்துப் பிரதி போரில் தொலைந்திருந்தால் அப்பா எதைப் பார்த்து நகல் எடுத்தார்? ஒரு பிரதி ஊருக்குப் போயிருக்க வேண்டும், அங்கிருந்து இரவல் வாங்கியிருக்க வேண்டும் என்று தோன்றியது. முசிறிப் பக்கம் பாட்டியின் தம்பி பேரன் இருக்கிறார். பேசினேன். "பூஜை அறையில ஒண்ணு இருக்குண்ணே, கண்ணாடியோட ஒட்டிப்போச்சு. பிரிச்சுப் பாக்கட்டுமா?" என்றார். பிரிக்க வேண்டாம் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். ஈரத்தில் இளகிய ஜெலட்டின் கண்ணாடியில் ஒட்டிய பிறகு இழுத்தால், முகங்கள் கண்ணாடியோடு வந்துவிடும். அப்படியே கண்ணாடியோடு வைத்து, கண்கூச்சம் வராத கோணத்தில் படமெடுப்பதுதான் வழி.

பின்பக்கத்து அட்டையை மட்டும் கழற்றச் சொன்னேன். செல் அரித்த அட்டை கையோடு வந்துவிட்டது. உள்ளே தபால் கார்டுக்கான கோடு அச்சிட்ட முதுகு, மூன்றரைக்கு ஐந்தரை அங்குலம். உறையில் வைத்து அனுப்பியிருக்கிறார்கள் போல. தபால் முத்திரை இல்லை, தேதி இல்லை. எழுத்தும் கரைந்துவிட்டது. அடுத்து முன்பக்கத்தைத் திருப்பி, விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைக் கண்ணாடிக்கு ஓரமாகப் பிடித்து வலது மூலையில் மெல்ல நகர்த்தச் சொன்னேன். போன் திரையில் நான் பார்த்துக்கொண்டிருந்தேன், அத்தை என் தோளுக்குப் பின்னால். வெளிச்சம் இடமிருந்து வலமாகப் போனது. பெல்ஃபீல்டு ஸ்ட்ரீட் என்ற எழுத்துகளின் நிழல் ஒவ்வொன்றாக எதிர்ப்பக்கம் சாய்ந்தது.